முத்திரை என்ற ஒரு சொல்லும் ஐந்து ஜெர்மன் சொற்களும்

கேள்வி: இராமநாதபுரத்தில் எங்கள் திருமணம் நடந்து பல ஆண்டுகள் ஆகின்றன. என் கணவர் இப்போது ஜெர்மனியில் வேலை பார்க்கிறார். நானும் பிள்ளைகளும் அங்கே போக வேண்டும். அந்த ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் திருமணச் சான்றிதழை ஜெர்மனில் கேட்டார்கள். இங்கே ஜெர்மன் படித்த ஒருவரிடம் கொடுத்து மொழிபெயர்த்து அனுப்பினோம். முத்திரைகள் குறிப்பிடப்படவில்லை, பின்பக்கம் இல்லை, அசலைப் பார்த்துச் செய்ததா நகலைப் பார்த்துச் செய்ததா என்பது தெரியவில்லை என்று திருப்பிவிட்டார்கள். முத்திரையை எப்படி ஐயா மொழிபெயர்ப்பது? அதில் ஒன்று பாதி அழிந்தும் இருக்கிறது. சான்றிதழின் இரு பக்கங்களையும் அந்த மொழிபெயர்ப்பையும் படமெடுத்து இணைத்திருக்கிறேன். புதிய நகல் வாங்க வேண்டுமா?
— ஒரு வாசகி, தேவிப்பட்டினம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மண்டபம் என்ற ஊரில் பிறந்து, ஜெர்மனியில் நீதிமன்றத்தின் முன் உறுதிமொழி எடுத்து, தமிழிலிருந்து ஜெர்மனுக்குச் சான்றிதழ்களை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் நான். நம் கடற்கரையிலிருந்து வரும் காகிதங்கள் என் மேசைக்கு அடிக்கடி வரும். நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கி இரண்டு முறை பார்த்தேன். உங்கள் மொழிபெயர்ப்பாளருக்கு ஜெர்மன் நன்றாக வருகிறது. அவர் தவறியது மொழியில் அல்ல. சான்றிதழில் எழுதியிருந்ததை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு, அதன் மேல் குத்தியிருந்ததையும் ஒட்டியிருந்ததையும் விட்டுவிட்டார்.

அந்த அலுவலர் இருக்கும் இடத்திலிருந்து இதைப் பாருங்கள். அவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் தாளில் அச்சிட்ட சின்னம் ஒன்று, இடப்பக்கம் புகைப்படத்தின் மேல் ஊதா வட்டம் ஒன்று, வலது மேல் மூலையில் ஒட்டிய வில்லை ஒன்று, கீழே கையெழுத்து, அதன் அருகே நீள்சதுரம் ஒன்று, இன்னொரு வட்டம் ஆகியவை அவர் கண்ணுக்கு நன்றாகத் தெரிகின்றன. இவை ஒவ்வொன்றும் என்ன, யாருடையவை என்று மொழிபெயர்ப்பு சொல்ல வேண்டும். ஜெர்மன் அரசு அலுவலகங்களில் ஒரு தாளை ஆவணமாக்குவதே அலுவலக முத்திரைதான். தாளை வெளியிட்ட அலுவலகத்தின் பெயரைப் பெரும்பாலும் அந்த வட்டத்தின் விளிம்பு எழுத்துகளில்தான் தேடுவார்கள். அந்த எழுத்துகள் ஜெர்மனில் வராவிட்டால், திருமணச் செய்தி இருந்தும் அதைச் சொன்னவர் யார் என்பது இல்லாத தாளாகத்தான் அது அவருக்குத் தெரியும்.

இங்கே நம் மொழியே ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. நமக்கு எல்லாமே முத்திரைதான். அலுவலகத்தின் வட்டக் குறி, பதவிப் பெயரைக் குத்தும் ரப்பர் கட்டை, மை இல்லாமல் தாளைப் புடைக்க வைக்கும் அழுத்துக் கருவியின் தடம், கட்டணத்துக்காக ஒட்டும் வில்லை, பத்திரம் எழுதும் தாள் என்று எல்லாவற்றிலும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜெர்மனில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. ஒன்றை மற்றொன்றாக எழுதினால் பொருளே மாறிவிடும்.

```
Rundsiegel      அலுவலக வட்ட முத்திரை
Stempel         பெயர், பதவி, தேதி குத்தும் ரப்பர் முத்திரை
Prägesiegel     மையின்றிப் புடைத்து நிற்கும் முத்திரை
Gebührenmarke   கட்டணத்துக்காக ஒட்டிய வில்லை
Stempelpapier   முத்திரைத்தாள்
```

உங்கள் சான்றிதழில் வலது மேல் மூலையில் இருக்கும் வில்லையைப் பாருங்கள். அதன் நடுவில் ஒரு துளை இருக்கிறது. அதே வில்லையை இன்னொரு தாளில் ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக நம் அலுவலகங்களில் அதைத் துளையிட்டு ரத்து செய்வார்கள் என்பது நமக்குத் தெரியும். ஜெர்மனியில் துளையிட்ட அடையாள அட்டை, துளையிட்ட பாஸ்போர்ட் என்றால் காலாவதியாகிச் செல்லாமல் போனது என்று பொருள். உங்கள் மொழிபெயர்ப்பில் அந்த வில்லையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆகவே அந்த அலுவலர் கையில் இருப்பது, துளைக்குக் காரணம் சொல்லாத ஒரு தாள். ரத்தானது வில்லைதான், ஆவணம் அல்ல என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் சந்தேகம் எழ இடமில்லை. அதை ‘ஸ்டெம்பல்’ என்று எழுதியிருந்தாலும் உதவாது. அவர் ரப்பர் முத்திரையைத் தேடுவார், கிடைக்காது.

முத்திரையை மொழிபெயர்ப்பதில் இரண்டு வேலைகள் உண்டு. முதலில் அது என்ன வடிவம், என்ன நிறம், தாளில் எங்கே இருக்கிறது என்பதை வர்ணிக்க வேண்டும். பிறகு அதில் உள்ள எழுத்துகளை மொழிபெயர்க்க வேண்டும். வர்ணனை மொழிபெயர்ப்பாளரின் சொல், எழுத்துகள் ஆவணத்தின் சொல். இரண்டும் கலந்துவிடக் கூடாது என்பதால் வர்ணனையைச் சதுர அடைப்புக்குறிக்குள்ளும் எழுத்துகளை மேற்கோள் குறிக்குள்ளும் போடுகிறோம். உங்கள் சான்றிதழின் முன்பக்கத்தை நான் செய்தால் குறிகளுக்கான வரிகள் இப்படி இருக்கும்:

```
[Oben Mitte: gedrucktes Wappen von Tamil Nadu; Wahlspruch:]
"Die Wahrheit allein siegt"

[Oben rechts: Gebührenmarke, durch Lochung entwertet]

[Links: Lichtbild der Eheleute]
[Rundsiegel, violett, zur Hälfte
auf dem Lichtbild; teilweise unleserlich, lesbar:]
"[...]registrar, Am[...], Ramana[...]"

[Unten rechts: Unterschrift, unleserlich]
[Rechteckiger Stempel:] "Sub-Registrar, Ramanathapuram"
[Rundsiegel, violett:] "Amt des Sub-Registrars, Ramanathapuram"
```

இதில் மேலே இருக்கும் கோபுரச் சின்னம் அச்சிட்டது, குத்தியது அல்ல. அந்த வேறுபாட்டை எழுத வேண்டும். அச்சிட்ட சின்னம் எந்தப் படிவத்திலும் இருக்கும். யாரோ ஓர் அலுவலர் கையால் குத்தியதற்கே ஜெர்மன் அலுவலகம் மதிப்புக் கொடுக்கும். ‘வாய்மையே வெல்லும்’ என்ற தொடரையும் விடக் கூடாது. அதை அலங்காரம் என்று நினைத்துப் பலர் தாண்டிப் போகிறார்கள். ஆனால் தாளில் எழுத்து இருந்து மொழிபெயர்ப்பில் இல்லை என்றால், வேறு எதையெல்லாம் விட்டார்களோ என்ற கேள்வி அந்த ஒரு வரியிலேயே தொடங்கிவிடும்.

இனி அழிந்த முத்திரை. புகைப்படத்தின் மேல் பாதியும் தாளின் மேல் பாதியுமாகக் குத்தியது அது. படத்தைப் பிரித்து வேறு படம் ஒட்ட முடியாதபடி செய்வதற்கான ஏற்பாடு. புகைப்படத்தின் வழவழப்பில் மை சரியாகப் பிடிக்காது. நம் ஊர் உப்புக் காற்றில் சில மழைக்காலங்கள் தாண்டினால் தாளில் இருக்கும் பாதியும் ஊதாக் கறையாகிவிடும். உங்கள் படத்தில் ‘பதிவாளர் அலுவ’ என்பதும் ‘இராமநா’ என்பதும்தான் தெரிகின்றன. முன்னால் ‘சார்’ என்பது தெரியவில்லை. உங்கள் மொழிபெயர்ப்பாளர் இதை எழுதியிருந்தால் முழுப் பெயராகவே எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். நமக்கு அது என்ன என்று தெரியுமே! ஆனால் கண்ணுக்குத் தெரிவதைத்தான் நான் எழுதலாம், மனத்துக்குத் தெரிவதை அல்ல. தெரியாத இடத்தில் புள்ளிகள், ஓரளவு படிக்க முடிகிறது என்ற குறிப்பு, அவ்வளவுதான். ஓர் எழுத்தை ஊகித்துச் சேர்த்துவிட்டு, பின்னால் யாராவது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் முழு மொழிபெயர்ப்பின் நம்பகத்தன்மையும் போய்விடும். கீழே வலப்பக்கம் அதே அலுவலகத்தின் தெளிவான வட்டம் இருப்பதால் உங்களுக்கு இந்த அழிந்த முத்திரையால் மட்டும் பெரிய இழப்பு இல்லை. ஒரே வட்டம்தான் இருந்து அதுவும் அழிந்திருந்தால் நிலைமை வேறு.

‘சார்பதிவாளர்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். அனுப்பிய மொழிபெயர்ப்பில் அவரை ஜெர்மனியின் திருமணப் பதிவு அலுவலர் ஆக்கியிருக்கிறார்கள். அந்த நாட்டில் பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் பதியும் தனி அலுவலகம் உண்டு. அதன் பெயர் ‘ஸ்டாண்டஸ்அம்ட்’. சட்டப்படியான திருமணத்தையே அந்த அலுவலகத்தின் அலுவலர் முன்னால்தான் செய்துகொள்ள முடியும். நம் சார்பதிவாளர் வீட்டுப் பத்திரத்தையும் நிலப் பத்திரத்தையும் பதிந்துவிட்டு, அதே மேசையில் திருமணத்தையும் பதிகிறவர். வேறெங்கோ நடந்த திருமணத்தை அவர் பதிகிறார். அவர் நடத்தி வைத்தது அல்ல. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இந்தத் தவறைச் செய்தேன். சார்பதிவாளர் அலுவலகத்தை ‘ஸ்டாண்டஸ்அம்ட்’ என்று எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்த அலுவலர், அப்படியானால் அந்த அலுவலகத்தில் திருமணம் நடந்தபோது எழுதிய பதிவேட்டின் நகலைக் கொண்டுவாருங்கள் என்று அந்தத் தம்பதியிடம் கேட்டுவிட்டார். இல்லாத ஒரு பதிவேட்டைத் தேடி அவர்கள் பல வாரங்கள் அலைந்தார்கள். அதிலிருந்து பதவிப் பெயரை அப்படியே வைத்து, தமிழ்நாட்டில் சார்பதிவாளர் நிலப் பத்திரங்களையும் ஏற்கெனவே நடந்து முடிந்த திருமணங்களையும் பதிகிறவர் என்று அடியில் ஒரு குறிப்புத் தருகிறேன்:

```
Anm. d. Übers.: Der Sub-Registrar registriert in Tamil Nadu
Grundstücksurkunden ebenso wie bereits geschlossene Ehen.
```

இந்த ஒரு குறிப்பு உங்களுக்கு இன்னொரு வகையிலும் தேவை. உங்கள் மொழிபெயர்ப்பில் நான் கண்ட பெரிய பிழை, அலுவலகம் இன்னும் சுட்டிக்காட்டாத பிழை, தேதியில் இருக்கிறது. தமிழ்ச் சான்றிதழில் திருமணம் நடந்த நாள் 27-05-2012, பதிவு செய்த நாள் 18-06-2012 என்று இரண்டு தேதிகள் உள்ளன. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 வந்த பிறகு, திருமணம் நடந்து 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆகவே நம் சான்றிதழ்களில் இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையே இடைவெளி இருப்பது இயல்பு. ஜெர்மனியில் திருமணமும் பதிவும் ஒரே நாளில், ஒரே மேசையில் நடக்கின்றன. ஆகவே அவர்களின் படிவத்தில் ஒரே கட்டம்தான். உங்கள் மொழிபெயர்ப்பாளர் அந்த வழக்கத்துக்கு ஏற்ப ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார், அதுவும் முத்திரைக்குப் பக்கத்தில் இருந்த பதிவுத் தேதியை. உங்கள் விசா விண்ணப்பத்தில் நீங்கள் 27-05-2012 என்றுதான் எழுதியிருப்பீர்கள், அதுவே சரி. நீங்கள் கணவன் மனைவி ஆனது அன்றைக்குத்தான். பதிவு அதற்குச் சாட்சி. விண்ணப்பத்தில் ஒரு தேதி, மொழிபெயர்ப்பில் வேறு தேதி என்றால் அலுவலர் நிறுத்தத்தான் செய்வார். இரண்டையும் தனித்தனி வரியில், தனித்தனிப் பெயரோடு எழுத வேண்டும். புதிய நகல் வாங்கினால் அதை வழங்கிய நாள் என்று மூன்றாவது தேதியும் சேரும். அதற்கும் தனி வரி.

திருமணம் நடந்த இடத்திலும் ஒரு பிழை இருக்கிறது. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டுமே நேரக்கூடிய பிழை. சான்றிதழில் ஒரு திருமண மண்டபத்தின் பெயரும் இராமநாதபுரம் என்ற ஊரும் இருக்கின்றன. மண்டபத்தின் பெயரில் ‘திருமண’ என்ற அடைமொழி இல்லை, வெறும் ‘மண்டபம்’ என்று முடிகிறது. மொழிபெயர்த்தவர் அதை ஊர்ப்பெயர் என்று எடுத்துக்கொண்டு மண்டபத்தில் திருமணம் நடந்ததாக எழுதிவிட்டார். என் சொந்த ஊர் இராமநாதபுரத்துக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. உங்கள் திருமணத்தை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். உங்கள் இடத்தை ‘ஹோக்ட்சைட்ஸ்ஹாலே’, அதாவது திருமணக்கூடம் என்று எழுதி, அதன் பெயரை ஒலிப்படி தந்து, ஊரைத் தனியே எழுத வேண்டும்.

ஊர்ப்பெயரின் எழுத்துக்கூட்டலையும் கவனிக்கச் சொல்லுங்கள். தமிழில் முன்னால் இகரம் சேர்த்து ‘இராமநாதபுரம்’ என்கிறோம். எழுத்துக்கு எழுத்து பெயர்க்கும் சர்வதேச முறைப்படி செய்தால் ஒரு மாதிரி வரும், பாஸ்போர்ட்டில் இன்னொரு மாதிரி இருக்கும், பழைய காகிதங்களில் ‘ராம்நாடு’ என்றும் இருக்கும்.

```
Irāmanātapuram
Ramanathapuram
Ramnad
```

நமக்கு இது ஒரே ஊர். அந்த அலுவலருக்கு மூன்று ஊர்கள். உங்கள் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ அதையே மொழிபெயர்ப்பு முழுவதும், முத்திரையின் உள்ளேயும், பின்பற்ற வேண்டும். ஆவணத்தில் வேறு வடிவம் இருந்தால் ஒரே ஒரு குறிப்பில் சொன்னால் போதும். உங்கள் பெயருக்கும் கணவர் பெயருக்கும் இதே விதிதான். பாஸ்போர்ட் நகலைக் கொடுக்காமல் எந்த மொழிபெயர்ப்பாளரிடமும் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். அப்பா பெயரின் முதலெழுத்து சான்றிதழில் ஓர் எழுத்தாக இருந்தால் மொழிபெயர்ப்பிலும் ஓர் எழுத்தாகவே இருக்கட்டும். விரித்து எழுதினால் அது ஆவணத்தில் இல்லாத பெயர் ஆகிவிடும். ‘வட்டம்’ என்பதை ‘கிரைஸ்’ என்று எழுதியிருக்கிறார்கள், அதையும் மாற்றச் சொல்லுங்கள். அகராதியில் அது வட்டம்தான். ஆனால் ஜெர்மனியில் ‘கிரைஸ்’ என்பது நம் மாவட்டத்துக்கு நிகரான நிர்வாகப் பகுதி. ‘தாலுக்கா’ என்றே விடுவது நல்லது.

இப்போது பின்பக்கம். அங்கே ஒரு நோட்டரி வழக்கறிஞரின் சான்று ஆங்கிலத்தில் இருக்கிறது. அவருடைய வட்ட முத்திரை, சிவப்பு நிற ஒட்டு வில்லை, கையெழுத்து ஆகியவையும் உண்டு. உங்களுக்கு யாரோ, முத்திரை கூடினால் பலம் கூடும் என்று சொல்லியிருக்கிறார்கள். சார்பதிவாளர் முத்திரைக்கு அது எதையும் சேர்ப்பதில்லை. ஆனால் தாளில் இருப்பதால் அதையும் வரிக்கு வரி மொழிபெயர்த்தே ஆக வேண்டும். ஆங்கிலம்தானே, அவர்களே படித்துக்கொள்வார்கள் என்று விட முடியாது. தமிழும் ஆங்கிலமும் கலந்த தாளை மொழிபெயர்க்கும்போது எந்தப் பகுதி எந்த மொழியில் இருந்தது என்றும் குறிக்க வேண்டும். பின்பக்கத்தில் எதுவும் இல்லாமல் இருந்தாலும் ‘பின்பக்கம் வெறுமை’ என்று ஒரு வரி எழுதுவோம். முன்பக்கப் படிவத்தில் நிரப்பாமல் விட்ட கட்டங்களுக்கும் அப்படியே, பதிவு எதுவும் இல்லை என்று எழுத வேண்டும். உங்கள் மொழிபெயர்ப்பில் அந்தக் கட்டங்களே காணாமல் போயிருக்கின்றன.

ஆவணத்தின் கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று வெளிநாட்டுக்குச் சான்று சொல்லும் அப்போஸ்டில் என்ற ஒட்டுச்சீட்டை வாங்குங்கள் என்று அடுத்து யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அந்தச் சீட்டுக்கான பன்னாட்டு ஒப்பந்தம் இந்தியாவுக்கு 2005-இல் நடைமுறைக்கு வந்தது. ஜெர்மனி இந்தியாவின் சேர்க்கைக்கு ஆட்சேபம் பதிவு செய்தது. ஆகவே இராமநாதபுரத்திலிருந்து சென்னைக்கு அலைந்து அந்தச் சீட்டை வாங்கும் முன், அந்த அலுவலகமோ தூதரகமோ அதைக் கேட்டிருக்கிறதா என்று எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வாங்கி ஒட்டிவிட்டால் அதன் கட்டங்களும் எண்ணும் முத்திரையும் மொழிபெயர்ப்பில் வந்தாக வேண்டும்.

புதிய நகல் வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். வாங்குங்கள். அழிந்த முத்திரை மட்டும் காரணம் அல்ல. உங்கள் படத்தில் தாளின் விளிம்பில் ஒளி பட்டு மினுங்குகிறது. அசலை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் செய்திருக்கிறீர்கள். பூச்சியும் ஈரமும் படாமல் இருக்க நம் ஊரில் எல்லோரும் செய்வதுதான், அதில் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பிளாஸ்டிக் உறைக்குள் போன தாளில் புடைப்பு முத்திரையைத் தடவிப் பார்க்க முடியாது, மை தாளில் ஊறியிருக்கிறதா அச்சிட்டதா என்று சாய்த்துப் பார்க்க முடியாது. அதைப் பிரித்தெடுக்க முயலவே வேண்டாம், மேல் தோலோடு மையும் உரிந்து வந்துவிடும். பதிவு செய்த அலுவலகத்திலேயே சான்றிட்ட நகல் கேளுங்கள். வாங்கும்போது கவுன்ட்டரிலேயே நின்று மூன்றைப் பாருங்கள்: வட்ட முத்திரையின் எல்லா எழுத்துகளும் விழுந்திருக்கின்றனவா, கையெழுத்தின் கீழே பதவிப் பெயர் இருக்கிறதா, பெயர்களின் முதலெழுத்துகள் பழைய சான்றிதழில் உள்ளபடியே இருக்கின்றனவா. முத்திரை பாதி விழுந்திருந்தால் அங்கேயே பணிவாகக் கேட்டு இன்னொரு முறை பக்கத்தில் குத்தி வாங்கிவிடுங்கள். அதற்கு மேல் நோட்டரி எதுவும் வேண்டாம், லேமினேட் செய்யவே வேண்டாம்.

யார் மொழிபெயர்ப்பது என்பது மிச்சம். ஜெர்மனியில் அலுவல் மொழி ஜெர்மன். அதிகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பைத்தான் தர வேண்டும் என்று கேட்க அலுவலகத்துக்கு நிர்வாக நடைமுறைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்படிப்பட்டவர் தம் மொழிபெயர்ப்பு சரியானது, முழுமையானது என்று இடம், நாள், தம் நிலை ஆகியவற்றோடு எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தச் ‘சரி’ என்பதைவிட ‘முழுமை’ என்ற சொல்தான் முத்திரைகளை விடக் கூடாது என்று எங்களைக் கட்டிப்போடுகிறது. அங்குள்ள மாநிலங்களின் நீதித்துறைகள் நடத்தும் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. உங்கள் கணவர் அதில் தமிழ் என்று தேடி, தம் ஊருக்கு அருகில் இருப்பவரைப் பிடிக்கலாம்.

```
justiz-dolmetscher.de
```

அந்தப் பட்டியலில் வரும் தமிழர்களில் பலர் இலங்கையிலிருந்து 1980-களிலும் அதற்குப் பிறகும் போனவர்கள். தமிழில் தேர்ந்தவர்கள், ஆனால் இராமநாதபுரத்துச் சான்றிதழின் சொற்கள் அவர்களுக்குப் பழக்கமில்லாதவையாக இருக்கக்கூடும். அவர்கள் விவாகப் பதிவு என்பார்கள், நாம் திருமணப் பதிவு என்கிறோம். நம் படிவத்தில் ‘த/பெ’ என்றும் ‘க/பெ’ என்றும் சுருக்கி எழுதுவோம். முன்னது தந்தை பெயர், பின்னது கணவர் பெயர் என்பதையும், ‘வட்டம்’, ‘சார்பதிவாளர்’ என்ற சொற்களுக்கு மேலே நான் எழுதியதையும் ஒரு தாளில் எழுதி சான்றிதழோடு கொடுங்கள். நல்ல மொழிபெயர்ப்பாளர் அதற்காக நன்றிதான் சொல்வார். நானே அப்படி வரும் தாள்களைக் கோப்பில் வைத்துக்கொள்கிறேன், இன்னொருவருக்கு உதவும்.

முதலில் படமாகவோ ஸ்கேனாகவோ அனுப்பி வேலையைத் தொடங்கலாம். இரு பக்கமும், நிறத்தில், தாளின் நான்கு விளிம்புகளும் தெரியும்படி எடுங்கள். கைபேசியில் தானாக வெட்டிச் சீராக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். விளிம்பில் ஏறிய முத்திரைகளை அது வெட்டிவிடும். கறுப்பு வெள்ளையாக மாற்றவும் வேண்டாம். ஊதா வட்டமும் கறுப்புக் கையெழுத்தும் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும்போது நிறம் இருந்தால்தான் பிரித்துப் படிக்க முடியும். ஆனால் கடைசிப் படி தயாராவதற்கு முன்பு புதிய நகலை நம்பகமான கூரியரில் கணவருக்கு அனுப்பி, அவர் அதை மொழிபெயர்ப்பாளரிடம் நேரில் காட்டட்டும். அப்போதுதான், காட்டிய அசலைப் பார்த்துச் செய்தது என்று அலுவலகம் கேட்ட அந்த வரியை அவர் எழுத முடியும்:

```
Die Übersetzung wurde nach dem vorgelegten Original angefertigt.
```

ஸ்கேனை மட்டும் பார்த்துச் செய்தால் ஸ்கேனைப் பார்த்துச் செய்ததாகத்தான் எழுதுவார், எழுதவும் வேண்டும். சில அலுவலகங்களுக்கு அது போதும். உங்களுடையது அசலா நகலா என்று ஏற்கெனவே கேட்டுவிட்டதால், அலுவலக முத்திரையோடு வாங்கிய அந்தப் புதிய தாளையே அசலாகக் காட்டிவிடுங்கள்.

மொழிபெயர்ப்பு கைக்கு வந்ததும் உங்கள் கணவர் சரிபார்க்க ஒரு எளிய வழி உண்டு, ஜெர்மன் தெரிய வேண்டியதில்லை. சான்றிதழையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சான்றிதழில் கண்ணில் படும் ஒவ்வொரு குறிக்கும் பென்சிலால் ஓர் எண் போட்ட ஜெராக்ஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். சின்னம், வில்லை, புகைப்படம், முத்திரைகள், கையெழுத்துகள், வெறும் கட்டங்கள் எல்லாவற்றுக்கும். மொழிபெயர்ப்பில், வெறும் புள்ளிகள் உள்ளவற்றை விட்டு, சதுர அடைப்புக்குறிகளை எண்ணினால் ஒன்றுக்கு ஒன்று பொருந்த வேண்டும். பழைய சான்றிதழின் முன்பக்கத்தில், வெறும் கட்டங்களை விட்டு, நான் எண்ணியது ஏழு குறிகள். உங்களுக்கு வந்த மொழிபெயர்ப்பில் ஒன்றுகூட இல்லை. புதிய நகலில் எண்ணிக்கை மாறலாம், பொருத்தம் மாறக் கூடாது.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். மொழிபெயர்ப்பாளர் சான்றிதழின் நகலையும் தம் பக்கங்களையும் சேர்த்துப் பின் அடித்து, மூலையை மடித்து, மடிப்பின் மேல் தம் முத்திரையைக் குத்தித் தருவார். எல்லாப் பக்கங்களிலும் அந்த வட்டத்தின் ஒரு துண்டு விழும். அலுவலகத்தின் இணையதளத்தில் பதிவேற்றுவதற்காகப் பலர் அந்தப் பின்னைக் கழற்றி, பக்கங்களைத் தனித்தனியாக ஸ்கேன் செய்து, மறுபடி அடித்து வைக்கிறார்கள். துளைகள் இரண்டு ஜோடியாகிவிடும், வட்டத்தின் துண்டுகள் ஒன்றோடு ஒன்று சேராது, நேரில் கொண்டுபோகும்போது அது பிரிக்கப்பட்ட ஆவணம் என்று திருப்பிவிடுவார்கள். பின்னைக் கழற்றாமல் பக்கத்தைப் புரட்டியபடியே படமெடுக்கட்டும்.